கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

இப்போதெல்லாம் தலைவர் யாரைப் பார்த்தாலும் நன்றி சொல்கிறார். வால்வு திருப்புகிறவர் சைக்கிளில் போனால் போதும், வாசலுக்கு ஓடி வந்து நிறுத்தி, ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறார். அந்த மனுஷனும் பாவம், எத்தனை காபிதான் குடிப்பார்? தலைவர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மணியடிக்காமல் போகப் பழகிக்கொண்டார்.

இதில் அதிசயம் என்னவென்றால், நன்றி என்பது அதுவரை தலைவரிடம் வந்து சேருகிற பொருளாகத்தான் இருந்தது. போகிற பொருளாக இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர். ஆறு தெருவுக்கும் சேர்த்து ஒரே சங்கம், ஒரே தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். போட்டி போட யாருக்கும் நேரமில்லை என்பதை அவர் தம் செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதல் தெரு முனையில் சங்கத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை உண்டு. பெயர் குடிநீர் உரிமை மேடை. முன்பக்கம் கறுப்புக் கல்லில் தலைவர் பெயர் பெரிதாகவும், தண்ணீர் என்ற சொல் சிறிதாகவும் பொறித்திருக்கும். மாதம் ஒருமுறை தலைவர் அதன்மேல் ஏறி, ஆறாம் தெருவுக்காகக் கண்ணீர் விடுவார். ஆறாம் தெருவுக்கு வந்து சேர்ந்த ஈரம் பல காலமாக அது ஒன்றுதான்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும். முதல் தெருவின் தலைமாட்டில் உயரத் தொட்டி. அங்கிருந்து பெரிய குழாய் ஒன்று சாலையோடு இறங்கி ஆறாம் தெருவரை போகும். வழியில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கிளை. முதல் தெருவில் குழாயைத் திறந்தால் வாளி துள்ளும். ஆறாம் தெருவில் திறந்தால் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். காரணம் கேட்டால் தலைவர் கையை நீட்டிச் சொல்வார்: "குழாய் சின்னது. காலாகாலத்துல போட்டது. புதுசா, பெருசா, ஆறாவது தெருவரைக்கும் போட்டாத்தான் விடிவு." புதுக் குழாய் திறப்பு விழாவுக்கான உரையை அவர் முன்கூட்டியே எழுதி, மனைவியிடம் பலமுறை வாசித்தும் காட்டியிருந்தார். அந்த அம்மாளுக்கு அது மனப்பாடம்.

தலைவர் வீடு முதல் தெருவில் முதல் வீடு. மகள் வீடு ஆறாம் தெருவில் கடைசி வீடு. அப்பா பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்து அங்கே குடிவந்தவள் அவள். கையில் பத்து மாதப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை தாத்தாவைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைப் பறிக்கும். சங்கத்தில் யாருக்கும் இல்லாத அந்த உரிமையைத் தலைவர் அதற்கு மட்டும் தீர்மானம் போடாமலே வழங்கியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் வந்து, தண்ணீர் கேனை அப்பா வீட்டுக் குழாயடியில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"அப்பா, அவர் ஆபீஸ் பக்கமா ஒரு வீடு பாத்திருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டுக்காரர்கிட்ட பதில் சொல்லணும்."

"ஆபீஸ் பக்கம்னா ஊருக்கு அந்தப் பக்கமாச்சே! போக வர அரைநாள் ஆகுமே!"

"ஆகும்."

"இன்னும் கொஞ்சம் பொறும்மா. புதுக் குழாய்க்கு மனு குடுத்திருக்கேன். மேல்மட்டத்துல பரிசீலனையில இருக்கு."

"இவ பொறந்தப்பவும் பரிசீலனையிலதான் இருந்துச்சு. இப்ப தவழ ஆரம்பிச்சுட்டா. உங்க மனு இன்னும் குப்புறகூட விழலப்பா."

அடுப்படியிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தலைவர் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். சங்க அனுபவம்.

ஆனால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அரைநாள் தூரம் என்றால் குழந்தையை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம். அடுத்த தடவை பார்ப்பதற்குள் அது வேறு யாருடைய கண்ணாடியையாவது பறிக்கப் பழகியிருக்கும். மறுநாளே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய மோட்டார் ஒன்றை வாங்கி, மகள் வீட்டுக் குழாயில் நேராக மாட்டிவிட்டார். தம் வீட்டிலும் அப்படித்தான் மாட்டியிருந்தார். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டதும் பொத்தானைத் தட்டினால் மாடித் தொட்டி மளமளவென்று நிரம்பும். முதல் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

வியாழக்கிழமை காலை மகள் வீட்டு மோட்டார் ஓடியது. முதலில் ஊளையிட்டது. பிறகு இருமியது. கடைசியில் சாக்கடை வாடையோடு கறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சூடேறி நின்றது.

மகள் அந்தச் சொம்பை அப்படியே அப்பா முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தலைவர் பதில் சொல்லியிருப்பார்.

அன்றைக்கே அவர் குடிநீர் அலுவலகத்துக்குப் போனார். புதிதாக மாற்றலாகி வந்திருந்த பொறியாளர், மூக்கில் கண்ணாடி சரிகிற ஓர் இளம் பெண். மனுவை வாங்கினார், படித்தார், "சனிக்கிழமை தண்ணி விடறப்ப நேர்ல வந்து பாக்கறேன் சார்" என்றார். இத்தனை வருஷத்தில் மனுவைப் படித்தவர் இவர்தான்.

சனிக்கிழமை காலை முதல் தெரு முனையில் தலைவரும் சங்கச் செயலாளரும் தயாராக நின்றார்கள். செயலாளர் என்பவர் தலைவர் தும்மினாலும் அதை வழிமொழிகிறவர். பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் வால்வுக்காரர், தோளில் நீளமான இரும்புச் சாவியோடு.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கடைக்கோடி மக்களின் தாகத்தை எடுத்துரைக்க நான் கடமைப்பட்டிருக்கிறேன். நீர்ப் பற்றாக்குறை என்பது..."

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, சுவரோடு சடசடவென்று வழிந்து, பேசிக்கொண்டிருந்தவர் செருப்பை நனைத்துக்கொண்டு போனது. மோட்டாரை நிறுத்த மனைவி மறந்துவிட்டாள். உரையைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. எதிர்வீட்டுத் தொட்டியும் வழிந்தது. அதற்கடுத்ததும்.

"பற்றாக்குறை நல்லா வழியுதே சார்" என்றார் வால்வுக்காரர்.

பொறியாளர் சிரிக்கவில்லை. அதற்குத் தலைவர் இன்றும் அவருக்கு நன்றியுடையவர். "வாங்க, கடைசி வரைக்கும் நடந்து பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தார்கள். இரண்டாம் தெருவில் குழாய் நன்றாகவே ஓடியது. மூன்றாம் தெருவில் பென்சில் கனம். நான்காம் தெருவில் நூல் கனம். ஐந்தாம் தெருவில் ஓர் அம்மா குழாயடியில் பள்ளம் தோண்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைத்திருந்தாள். ஆறாம் தெருவில் மகள் வீட்டு வாசலில் குழாயைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. பெருமூச்சுகூட இல்லை.

பொறியாளர் தலைவரின் மனு நகலைக் கையில் வைத்திருந்தார். அதன் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, வாசலில் இருந்த கேன் தண்ணீரில் நனைத்து, குழாய் வாயருகே பிடித்தார். காகிதம் சப்பென்று குழாயில் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தார். விழவில்லை.

"பாத்தீங்களா? உள்ள இழுக்குது" என்றார். "மேல இருக்கற மோட்டார் எல்லாம் ஒரே குழாய்ல உறிஞ்சறப்ப, இங்க தண்ணி வர்றதுக்குப் பதிலா இங்க இருக்கற காத்தையும் அது இழுக்குது. குழாய்ல எங்கயாவது விரிசல் இருந்து பக்கத்துல சாக்கடையும் இருந்தா, அதையும் சேத்து இழுக்கும்."

இடுப்பில் குழந்தையோடு நின்ற மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குழாயைப் பார்த்தார்.

"ஆனா... தொட்டியில இருக்கறதே பத்தலையோ என்னமோ?" என்றார் தலைவர். குரலில் மேடைத் தமிழ் கரைந்து போயிருந்தது.

"பத்தும் சார். தொட்டியிலேர்ந்து போற அளவு ஆறு தெருவுக்கும் தாராளம். போய்த்தான் சேரல." வெறும் மண்ணில் பொறியாளர் குச்சியால் கோடு இழுத்தார். "ஒருநாள் விட்டு ஒருநாள் விடறதால விடாத நாள்ல குழாய் காலியாயிடுது. தொறந்ததும் முதல்ல குழாயே நிறையணும். நிறையற வழியில முதல் தெரு எடுத்துக்குது. வேணுங்கற அளவோட நிறுத்தவும் மாட்டேங்குது, தொட்டி வழியற வரைக்கும் எடுக்குது. அடுத்தது ரெண்டாவது தெரு. இப்படியே இறங்கி, இங்க வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சு அடைச்சுடறோம்."

"அதுக்குத்தாம்மா பெரிய குழாய் கேக்கறோம்!" என்றார் செயலாளர்.

"பெரிய குழாய் நிறைய இன்னும் அதிக நேரம் ஆகுமே. அது நிறையற வழியிலயும் முதல் வீடு தலைவர் சார் வீடுதான்."

வால்வுக்காரர் சாவியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப வழியே இல்லையா?" மகள்தான் கேட்டாள். "நாளைக்கு நான் ஒருத்தருக்குப் பதில் சொல்லணும் மேடம்."

"இருக்கு. மேல் மூணு தெருவை முதல் பாதி நேரம் அடைச்சு வச்சா, தண்ணிக்கு வேற வழி கிடையாது, நேரா கீழ வந்தாகணும். கீழ எடுத்து முடிஞ்சதும் இதை அடைச்சு மேல தொறந்துடலாம். அதே தண்ணி, அதே நேரம். பாதிப் பாதி. ஒவ்வொரு தெரு முனையிலயும் வால்வு இருக்கு, அதுக்குத்தான் வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா முதல் தெரு வால்வு மூடியை மட்டும் நான் பாக்கலையே?"

"நானும் வந்ததுலேர்ந்து பாத்ததில்ல மேடம்" என்றார் வால்வுக்காரர். "அந்தத் தெருவுக்கு வால்வே கிடையாதுன்னு நெனச்சேன்."

மற்ற இரண்டை மட்டும் அடைத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர் சொன்னார். அடைத்தார்கள். ஆறாம் தெருவில் குழாய் இரண்டு தடவை விக்கியது, நாலு சொட்டு விட்டது, ஓய்ந்தது. இரண்டாம் மூன்றாம் தெருவுக்குப் போகாத தண்ணீரையும் சேர்த்து முதல் தெருவே குடித்துவிட்டது. அங்கே தொட்டிகள் மறுபடி வழிந்தன.

எல்லாரும் திரும்பி முதல் தெருவுக்கு நடந்தார்கள். பொறியாளர் மற்றத் தெருக்களில் வால்வு மூடி சாலை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரே சீர். முதல் தெரு முனையில் அதே அளவுக்குத் தள்ளி நின்றார். நின்ற இடம் குடிநீர் உரிமை மேடை.

வால்வுக்காரர் குனிந்து மேடையின் அடியைச் சாவியால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அடியில இருக்கணும்" என்றார் பொறியாளர், மெதுவாக.

செயலாளர்தான் முதலில் விழித்துக்கொண்டார். "அதெப்படி? இது பொதுக்குழு தீர்மானத்தின்படி கட்டினது. இடிக்கணும்னா பொதுக்குழு கூடணும். கூட்டணும்னா அறிவிப்பு குடுக்கணும். தலைவர் பேரு பொறிச்ச கல்லு வேற! தலைவரே, நீங்க சொல்லுங்க."

தலைவர் கல்லைப் பார்த்தார். நல்ல கல். எழுத்தெல்லாம் ஆழமாக வெட்டியது. இதன்மேல் நின்றுகொண்டுதான் இத்தனை வருஷமாகக் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறார். கேட்ட தண்ணீர் செருப்புக்கு நேர் கீழே, திருப்ப ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. அவருக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குழந்தை மகள் இடுப்பிலிருந்து எட்டி அவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. கல்லிலிருந்த பெயர் மங்கலாகிப் போனது. அது கொஞ்சம் வசதியாகவும் இருந்தது.

"கடப்பாரை யார்கிட்ட இருக்கு?" என்றார் தலைவர்.

"தலைவரே, முறைப்படி ஒரு இடிப்பு விழாவாவது..."

"யோவ், நாளைக்கு ஞாயித்துக்கிழமைய்யா!"

செயலாளருக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் வழிமொழிந்தார்.

மேடையைப் பெயர்க்க மத்தியானம் ஆனது. தலைவரும் ஓங்கி நாலு போடு போட்டார். நாலாவது போடு மேடையில் விழவில்லை, வால்வுக்காரர் காலருகே விழுந்தது. அதன்பின் தலைவரை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஜல்லிக்கு அடியில் துருப்பிடித்த இரும்பு மூடி தெரிந்தது. அதைத் தூக்கினால் வால்வு. எண்ணெய் விட்டு, சாவியை மாட்டி, வால்வுக்காரரும் செயலாளரும் தொங்கினார்கள். அது முனகியது, அசைந்தது, சுற்றியது.

"உயிர் இருக்கு மேடம்!" என்று கத்தினார் வால்வுக்காரர்.

பொறியாளர் முதல் தெருவாசிகளைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். மோட்டாரைக் குழாயில் நேராக மாட்டக்கூடாது. தண்ணீர் தானாகக் கீழ்த்தொட்டியில் விழட்டும், அங்கிருந்து மாடிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். தொட்டி நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ள ஒரு மிதவை வால்வு போட்டுவிட்டால் சுவரும் நனையாது. எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் வீட்டுக்குள் போய், தம் மோட்டாரைத் தாமே கழற்றி வாசலில் கொண்டுவந்து வைத்தார். அது அவர் ஆற்றிய உரைகளிலேயே சிறந்தது என்று மனைவி பின்னால் சொன்னாள். சின்னதாக இருந்ததாம்.

மறுநாள் முறை இல்லாத நாள். ஆனாலும் சோதித்துப் பார்ப்பதற்காக ஞாயிறு காலை தண்ணீர் விட ஏற்பாடு செய்திருந்தார் பொறியாளர். விடுமுறை நாளில் அவர் வரவேண்டிய கட்டாயமே இல்லை. வந்தார். மேல் மூன்று தெருவும் அடைபட்டன. நான்கையும் ஐந்தையும் கொஞ்சம்போல் இடைவெளி விட்டு நெருக்கி மூடச் சொன்னார், இல்லாவிட்டால் கடைசித் தெருவுக்குப் பழைய கதைதான் என்று. "பாதி மூடினா ஒண்ணும் குறையாது மேடம், கடைசிச் சுத்துலதான் இது பேச்சைக் கேக்கும்" என்றார் வால்வுக்காரர். "தெரியும்" என்றார் பொறியாளர். "என் வீட்டுக்காரர் மாதிரி."

தலைவர் ஆறாம் தெருவில் மகள் வீட்டு வாசலில், குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தெருவிலிருந்து போன் மேல் போன். எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் விடவில்லை, தலைவர் என்றிருந்து என்ன பயன் என்று கேட்டார்கள். "வரும், உங்க முறை அடுத்தது, பொறுங்க" என்று அவர் எல்லாருக்கும் சொன்னார். பொறுங்கள் என்று முதல் தெருவுக்கு யாரும் சொன்னது அதுவே முதல் தடவை.

குழாய் புஸ்ஸென்றது. விக்கியது. துருநிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு, தயங்கித் தயங்கி, பென்சில் கனத்தில் தெளிவாக விழ ஆரம்பித்தது. எதிர்வீட்டிலிருந்து யாரோ "வருதுடீ!" என்று அலறினார்கள். மகள் ஓடிவந்து பார்த்துவிட்டு, தண்ணீரில் கைவைக்காமல் நின்றாள்.

"அப்பா, இன்னும் வேகமா வரணும்னா இந்த மோட்டாரைப் போட்டுப் பாக்கலாமா?"

"போட்டா எதிர்வீட்டுக்கு நின்னுடும்" என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. எழுந்து, தாம் வாங்கிக் கொடுத்த பெரிய மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பொறியாளரும் வால்வுக்காரரும் தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் தெருவில் பள்ளத்துக்குள் குடம் வைத்த அம்மா நிரம்பிய குடத்தோடு ஏறி ஆறாம் தெருவுக்கே வந்து, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனாள். செயலாளரும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்து, "அந்தப் புது வீட்டுக்காரர்தான்" என்று தன் மனைவியிடம் நீட்டினார்.

மகள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். குழாயைப் பார்த்தாள். அது விழுந்துகொண்டுதான் இருந்தது.

"ஒரு வாரம் பொறுக்க முடியுமாங்க?" என்றாள்.

தலைவர் முகம் சுருங்கியது. மகள் அதைப் பார்த்தாள். வாசலில் ஓரமாகக் கிடந்த மோட்டாரையும், தெரு முனையில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற பொறியாளரையும் பார்த்தாள். போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வேண்டாங்க. ஒரு வாரமெல்லாம் வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்களுக்கு இங்கயே தண்ணி வருது."

வீட்டுக்காரர் மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க, புதுக் குழாயெல்லாம் இல்ல" என்றாள் மகள். "பழசுதான்."

குழந்தையைக் குளிப்பாட்டும் சின்னத் தொட்டியில் உட்காரவைத்து, குழாயடியில் நகர்த்தினாள். தலைவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அருகே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய பொறியாளர் பக்கம் திரும்பினார். நெஞ்சை நிமிர்த்தினார். இப்படியொரு தருணத்துக்கென்றே அவரிடம் இத்தனை வருஷத்துச் சொற்கள் சேர்ந்திருந்தன.

"இந்த நன்னாளிலே..." என்று வாயைத் திறந்தார்.

குழந்தை இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அடித்தது. அதில் பாதி தாத்தாவின் வாய்க்குள் போனது. மீதி கண்ணாடியில். அவர் விழுங்கினார். நல்ல தண்ணீர். வாடை ஒன்றும் இல்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் தலைவர். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. பொறியாளர் மணியைப் பார்த்துக்கொண்டு, மேல் தெருக்களைத் திறக்க நேரமாகிறது என்று வண்டியை உதைத்தார்.